112-க்குத் தவறுதலாகக் கால் போய்விட்டது, கட் செய்துவிட்டேன்: கேஸ் ஆகுமா?

கேள்வி: வணக்கம் சார். இன்று காலை என் நான்கு வயது மகன் மனைவியின் போனை வைத்து விளையாடும்போது பக்கவாட்டு பட்டனைப் படபடவென்று அழுத்தியதில் 112-க்குக் கால் போய்விட்டது. எதிர்முனையில் பேசும் சத்தம் கேட்டதும் பயந்துபோய் கட் செய்துவிட்டேன். உடனே ஒரு நம்பரிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். நான்தான் எடுத்தேன். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டு போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டேன். சிம்மைக் கழற்றி எறியச் சொல்கிறான் என் மச்சான். போலீஸ் வருமா? கேஸ் போடுவார்களா? (ஓசூர் வாசகர்)

பதில்: கேஸ் ஆகாது. அதற்கான சட்டத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் போனை ஆன் செய்யுங்கள். சிம்மை எறிய வேண்டாம். அந்த போனிலிருந்தே, உங்களைக் கூப்பிட்ட எண்ணுக்கோ, அது கிடைக்காவிட்டால் 112-க்கோ உங்கள் மனைவி பேசட்டும். நீங்கள் அல்ல, அவர்.

ஏன் அவர் பேச வேண்டும் என்றால், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். ஒரு பெண்ணின் எண்ணிலிருந்து அவசர அழைப்பு வருகிறது, பேச்சில்லை, சில விநாடிகளில் துண்டிக்கப்படுகிறது, திரும்பக் கூப்பிட்டால் ஓர் ஆண் எடுத்து "ராங் நம்பர்" என்கிறார், அடுத்த நிமிடம் போன் அணைந்துவிடுகிறது. வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண் எப்படியோ 112-ஐ அழுத்தி, கணவன் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினால் அங்கே என்ன தெரியுமோ, அச்சு அசலாக அதேதான் உங்கள் விஷயத்திலும் தெரிந்திருக்கும். குழந்தை அழுத்தியது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது எண், அது எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்கிற தகவல், பதிவான சில விநாடிச் சத்தம், அவ்வளவுதான். இந்த நிலையில் ரோந்து வாகனத்தை அனுப்புகிறார்கள் என்றால் அது உங்கள் மேல் கோபத்தால் அல்ல, அனுப்பித்தான் ஆக வேண்டும், நான் அங்கே இருந்தாலும் அனுப்பச் சொல்லித்தான் கேட்பேன்.

அதனால் உங்கள் மனைவி பேசும்போது இப்படிச் சொன்னால் போதும்: "இந்த நம்பரிலிருந்து காலையில் 112-க்குக் கால் வந்திருக்கும். என் பையன் பட்டனை அழுத்திவிட்டான். அவசரம் எதுவும் இல்லை. திரும்பக் கூப்பிட்டபோது எடுத்தது என் வீட்டுக்காரர், பயத்தில் ராங் நம்பர் என்று சொல்லிவிட்டார்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் பதிவுக்கும் அவர் சொல்லும் கதைக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் அடுத்தடுத்த கேள்விகள் வரும், அந்த இடைவெளியை நீங்களே அடைத்துவிட்டால் அதோடு முடிந்தது. பெயர், முகவரி கேட்டால் சொல்லட்டும். "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, உங்களால் பேச முடிகிறதா" என்று கேட்கலாம், அது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, மனம் கோணாதீர்கள். ஸ்பீக்கரில் போடாமல், நீங்கள் வேறு அறைக்குப் போய்விட்டு அவரைப் பேச விடுங்கள், பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம்.

மறுபடியும் 112-ஐ அழைத்தால் லைனை அடைப்பது போல ஆகாதா என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. நீங்கள் அரை நிமிடம் பேசுவது, ஒரு வண்டி உங்கள் தெருவைத் தேடி அலைவதைவிட அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

கால் லாக்கை அழிப்பது, சிம்மை எறிவது இதெல்லாம் உங்களுக்குக் கெடுதல்தான். அழைப்பின் பதிவு உங்கள் போனில் மட்டும் இல்லை, டெலிகாம் நிறுவனத்திடமும் கட்டுப்பாட்டு அறையிலும் இருக்கிறது. நீங்கள் அழித்தால் அங்கே எதுவும் அழியாது, ஆனால் "தவறுதலாக நடந்தது என்றால் ஏன் அழித்தீர்கள்" என்ற கேள்வி மட்டும் புதிதாக முளைக்கும். மச்சான் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. பட்டனை அழுத்தி வரும் அவசர வசதியில் குடும்பத்தினரின் எண்களைச் சேர்த்து வைத்திருந்தால், அழைப்போடு அவர்களுக்கும் இருப்பிடத்துடன் ஒரு குறுஞ்செய்தி போயிருக்கும். உங்கள் மாமனார் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். பதறிப்போய் அவர்களும் 112-ஐக் கூப்பிட்டால் ஒன்று இரண்டாகிவிடும். கட்டுப்பாட்டு அறையிடம் பேசி முடித்த கையோடு அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அப்புறம் போலீஸ் வருமா என்பது. வரலாம். நீங்கள் பேசுவதற்குள் வண்டி கிளம்பியிருந்தால், எல்லாம் சரி என்று சொன்ன பிறகும் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிப்பார்கள். வருகிறோம் என்று சொன்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடாதீர்கள். வந்தால் வாசலில் நின்றுகொண்டு "ஒண்ணும் இல்லை சார், நீங்க போகலாம்" என்று நீங்களே பதில் சொல்லி அனுப்பப் பார்க்க வேண்டாம். மனைவி வாசலுக்கு வரட்டும், அவரே சொல்லட்டும். அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் தள்ளி நில்லுங்கள். நிறையக் கணவன்மார்கள் இந்த இடத்தில்தான் முறுக்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியதை ஸ்டேஷன் வரை இழுத்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னால், நடந்ததை நாலு வரியில் தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் எழுதியதில் கையெழுத்து கேட்டால் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், வெற்றுத்தாளில் மட்டும் போடாதீர்கள். வந்தவர்களின் பெயரையும் எந்த ஸ்டேஷன் என்பதையும் குறித்து வையுங்கள். விசாரணைக்கு என்று உங்கள் மனைவியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அதை மரியாதையாக நினைவுபடுத்தினால் போதும்.

இப்போது சட்டம். போலீசுக்குப் பொய்த் தகவல் கொடுப்பது பற்றிப் பேசுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 182 என்று இருந்தது. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிரிவு பொருந்த வேண்டுமென்றால், ஒருவர் ஒரு தகவலைக் கொடுத்திருக்க வேண்டும், அது பொய் என்று தெரிந்தோ நம்பியோ கொடுத்திருக்க வேண்டும், அதன் மூலம் அரசு ஊழியரைச் செய்யக்கூடாத ஒன்றைச் செய்ய வைக்கவோ, அவருடைய அதிகாரத்தால் இன்னொருவருக்குத் தொல்லை வரவோ எண்ணியிருக்க வேண்டும், அல்லது அப்படி நடக்கக்கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகனின் அழைப்பில் தகவலே இல்லை. போன் போனது, கட் ஆனது. பொய்யும் இல்லை, நோக்கமும் இல்லை. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை செய்யும் எதுவும் குற்றம் ஆகாது என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது, குழந்தை அழுத்தியதற்காகப் பெற்றவர்கள் மேல் அந்தக் குற்றத்தைத் தூக்கிப் போடவும் முடியாது.

நீங்கள் சொன்ன "ராங் நம்பர்" பொய்தானே என்று கேட்பீர்கள். பொய்தான், சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் பயத்தில் போனை வைப்பதற்காகச் சொன்ன ஒரு வார்த்தையில் மேலே சொன்ன நோக்கம் எதுவும் இல்லை, இன்றே திருத்திவிட்டால் பேசுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. இன்னும் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 217 பிணையில் விடக்கூடிய குற்றம், வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத வகை, சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ, அவருடைய மேலதிகாரியோ, அவர் அதிகாரம் கொடுத்த வேறோர் அரசு ஊழியரோ எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றமே அதைக் கையில் எடுக்கும். கை தவறிப் போன ஒரு காலுக்காக இவ்வளவு தூரம் யாரும் போகமாட்டார்கள்.

ஒரே ஒரு எல்லை உண்டு. தவறுதலாக நடந்தது குற்றமில்லை என்று சொல்லும் 18-ஆம் பிரிவு, உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் இருந்தவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. இதே எண்ணிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை இப்படிப் போய்க்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் "பையன் அழுத்திவிட்டான்" என்று சொல்லித் தப்ப முடியாது, உங்களை அழைத்துக் கண்டிக்கத்தான் செய்வார்கள். அதனால் அந்த பட்டனைச் சரிசெய்வதும் இன்றைய வேலைதான், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன் பண விஷயம். தவறுதலான அழைப்புக்கு ஸ்பாட் ஃபைன் என்று எதுவும் கிடையாது. இன்றோ நாளையோ யாராவது கூப்பிட்டு "112-ஐத் தவறாகப் பயன்படுத்தினீர்கள், கேஸ் பதிவாகிவிட்டது, இந்த நம்பருக்கு ஐயாயிரம் ஜிபே செய்தால் முடித்துவிடலாம்" என்றால் அவர் மோசடிக்காரர். வீடியோ காலில் யூனிஃபார்மோடு வந்தாலும் அப்படித்தான். உண்மையான கட்டுப்பாட்டு அறை கேட்பது நீங்கள் நலமா, எங்கே இருக்கிறீர்கள் என்பதை. ஓடிபி, ஆதார் படம், வங்கி விவரம் கேட்காது. சந்தேகம் வந்தால் வாக்குவாதம் செய்யாமல் வைத்துவிட்டு, உங்கள் பகுதி ஸ்டேஷனுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இனி பட்டன். இந்தியாவில் விற்கும் போன்களில் அவசர அழைப்பு வசதி கட்டாயம் என்று 2016-இல் விதி வந்தது. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்தினாலே போதும், சில மாடல்களில் ஐந்து முறை. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் போகும், வீட்டில் பெரியவர்கள் அப்படிப்பட்ட போன் வைத்திருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். உங்கள் மனைவியின் போன் ஆண்ட்ராய்டு என்றால் `Settings` போய் `Safety & emergency`, அதில் `Emergency SOS`. ஐபோன் என்றால் `Settings`, பிறகு `Emergency SOS`. பெயர்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், தேடும் இடத்தில் SOS என்று அடித்தால் வந்துவிடும்.

தயவுசெய்து அதை அடியோடு அணைத்துவிடாதீர்கள். அது உங்கள் மனைவியின் போன், ஒருநாள் அவருக்கு அது உண்மையிலேயே தேவைப்படலாம், வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான். அழைப்பு போவதற்கு முன் சில விநாடி எண்ணிக்கொண்டு அலாரம் அடிக்கும் வசதி அந்தப் பக்கத்திலேயே இருந்தால் அதை ஆன் செய்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பையன் அழுத்தினால் சத்தம் கேட்கும், கால் போவதற்குள் நிறுத்திவிடலாம். அதையும் மீறிப் போய்விட்டால், கட் செய்யாமல் அவர்கள் எடுக்கும் வரை காத்திருந்து "தவறுதலாக வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, அவர்கள் சரி என்ற பிறகு வையுங்கள்.