கரும்பு வெட்ட ஆள் கூப்பிடும் மெசேஜ்: கேள்விகளும் பதில்களும்

பொங்கல் முடிந்ததும் வெட்டு சூடு பிடிக்கும், அதோடு வாட்ஸ்அப் குரூப்களில் ஆள் தேடும் மெசேஜ்களும் குவியும். விவசாயிகளும் மேஸ்திரிகளும் அனுப்பியிருந்த கேள்விகளில் ஆறு இங்கே.

"மோகனூர் பக்கம் 3 ஏக்கர் கரும்பு. 'கரும்பு வெட்ட ஆட்கள் தேவை, நல்ல கூலி, தங்க இடம் உண்டு, தொடர்புக்கு' என்று நாலு குரூப்பில் போட்டேன். போன் ஓயாமல் வந்தது, ஆனால் ஒரு செட்டும் வந்து சேரவில்லை. ஏன்?"

கள்ளக்குறிச்சியிலோ திருவண்ணாமலையிலோ உட்கார்ந்து அதைப் படிக்கும் மேஸ்திரிக்கு உங்கள் மெசேஜில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. எந்த ஊர், எத்தனை டன் வரும், எத்தனை நாள் வேலை என்று எல்லாவற்றையும் போனில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்டு வைத்த பத்துப் பேரில், விவரம் முழுதாகச் சொன்ன ஆளிடம்தான் அவர் போவார். முதலில் உங்கள் வயலைக் கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 40 டன் என்றால் 3 ஏக்கருக்கு 120 டன். வெட்டி, சோகை உரித்து, கட்டுக் கட்டி, லாரியில் ஏற்றுவது வரை ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு டன் பார்ப்பார். அப்படியானால் 6 ஜோடி, அதாவது 12 பேர் வந்தால் 10 நாள் வேலை. இந்தக் கணக்கு வந்த பிறகுதான் மெசேஜே எழுத வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> கரும்பு வெட்டு. நாமக்கல் மாவட்டம், மோகனூர் அருகில். 3 ஏக்கர், சுமார் 120 டன். கட்டை கரும்பு, அரை ஏக்கர் சாய்ந்திருக்கிறது. வயலிலிருந்து லாரி நிற்கும் இடம் 60 அடி. 6 ஜோடி வேண்டும். 2026 ஜனவரி 18 ஞாயிறு மாலை வந்து சேர வேண்டும், 19 திங்கள் காலை வெட்டு ஆரம்பம், சுமார் 10 நாள். வெட்டி ஏற்ற டன்னுக்கு 1,100 ரூபாய், சாய்ந்த பகுதிக்கு 1,200. மேஸ்திரி கமிஷன் டன்னுக்கு 50 தனி, நான் தருகிறேன். வர, போக வேன் என் செலவு. அரிசி, விறகு நான், மற்ற சாமான் உங்கள் செலவு. தங்க ஓட்டு வீடு, 2 அறை, கரண்ட், குழாய்த் தண்ணீர், கழிப்பறை உண்டு. லாரி வராத நாளுக்கு ஆளுக்கு 300. கூலி 3 நாளுக்கு ஒருமுறை, எடைச்சீட்டு பார்த்து. ஜனவரி 10-க்குள் பேசவும்.

இதில் இருக்கும் ரூபாயெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் பகுதியில் இந்த வருஷம் என்ன ஓடுகிறதோ அதைப் போடுங்கள். சாய்ந்த கரும்பையும் லாரி நிற்கும் தூரத்தையும் பலர் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள், ஆள் வந்து இறங்கியதும் வயலைப் பார்த்துத் தகராறு வருவது அங்கேதான். சாய்ந்த கரும்பில் பின்னிக் கிடக்கும் தட்டைகளைப் பிரித்து வெட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும். லாரி தள்ளி நின்றால் ஒவ்வொரு கட்டையும் தலையில் சுமந்து வரப்பு தாண்ட வேண்டும். அதற்குத் தனிக்காசு கேட்பது நியாயம். இதே விவரத்தை ஒரு வாய்ஸ் மெசேஜாகவும் பேசிப் போடுங்கள், படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் காதால் கேட்டுக்கொள்வார்கள்.

"டன் கூலி சொன்னால் போதுமா, நாள் கூலியாகச் சொல்ல வேண்டுமா?"

வெட்டுக்கு டன் கூலிதான் வழக்கம், அதுவே இருக்கட்டும். ஆனால் படிக்கிற தொழிலாளி மனதில் ஓடுவது டன் இல்லை, ஒரு நாளைக்குக் கையில் என்ன நிற்கும் என்பதுதான். மேலே சொன்ன வேலையையே எடுத்துக்கொள்வோம், சாய்ந்த பகுதிக்கான கூடுதலை விட்டுவிடலாம். 120 டன்னுக்கு 1,100 வீதம் 1,32,000. கமிஷன் 6,000-ஐயும் வேன் வாடகை 8,000-ஐயும் அவர்கள் கூலியிலேயே பிடித்தால் மிச்சம் 1,18,000, அதை 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 9,833. பத்தே நாளில் முடிந்தால் நாளுக்கு 983 ரூபாய் வருகிறது. நடுவில் மூன்று நாள் லாரி வராமல் 13 நாள் ஆகிவிட்டால் அதே பணம் நாளுக்கு 756-ஆக இறங்கிவிடும், அந்த மூன்று நாளும் சாப்பாட்டுச் செலவு வேறு. ஆக டன்னுக்கு 50 கூட்டித் தருகிறேன் என்று பேரம் பேசுவதைவிட, எதை எதைப் பிடிப்பீர்கள், சும்மா இருக்கும் நாளுக்கு என்ன தருவீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

ஜோடிக் கூலியை மொத்தமாக ஆண் கையில் கொடுக்கும் பழக்கம் உண்டு. வெட்டுவது அவர், சோகை உரித்துக் கட்டுவது மனைவி, இரண்டும் இல்லாமல் லோடு ஏறாது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆளாளுக்குத் தனியாகக் கணக்கு எழுதி, முடிந்தால் அவரவர் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். கூலியை நீங்கள் நேரில் தருகிறீர்களா, ஆலை பிடித்துக் கொடுக்கிறதா என்பதையும் மெசேஜிலேயே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் கடைசி நாளில் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவீர்கள்.

"மேஸ்திரி 60,000 முன்பணம் கேட்கிறார். கொடுத்தால்தான் ஆள் வரும் என்கிறார். மெசேஜில் 'முன்பணம் உண்டு' என்று போடலாமா?"

போடலாம், ஆனால் எவ்வளவு, எதற்கு, எப்படிக் கழியும் என்பதோடு போடுங்கள். வரும்போது வீட்டுச் செலவுக்கு ஆளுக்கு 1,000, முதல் இரண்டு பட்டுவாடாவில் பாதிப் பாதி கழியும் என்றால் அது சாதாரண முன்பணம். பத்து நாள் வேலைக்கு 60,000 என்பது அப்படியில்லை. அந்தப் பணம் தொழிலாளிகள் கைக்கு முழுசாகப் போனதா என்று உங்களுக்குத் தெரியாது, ஆனால் கடன் மட்டும் அவர்கள் பெயரில் ஏறிவிடும். அப்புறம் காய்ச்சல் வந்து ஊருக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கடனை அடைத்துவிட்டுப் போ என்று யாராவது தடுப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். இதுவும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம், 3 ஆண்டு வரை சிறை உண்டு, அந்தக் கடனும் செல்லாது. ஆதார் அட்டையையோ போனையோ வாங்கி வைத்துக்கொள்வதும் இதே வகைதான், பாதுகாப்புக்காக வைத்திருந்தேன் என்று தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கொடுப்பதென்றால் ஆளாளுக்குப் பெயர் எழுதி, அவர்கள் முன்னாலேயே கொடுங்கள். நோட்டில் ஒரு வரி, கையெழுத்து அல்லது ரேகை, அதை போட்டோ எடுத்து அவர்களுக்கும் அனுப்புங்கள். இதற்குச் சம்மதிக்காத மேஸ்திரியிடம் நான் ஆள் எடுக்க மாட்டேன்.

"சங்கராபுரம் பக்கத்து மேஸ்திரி நான். போன சீசனில் ஒரு வயலுக்கு 14 பேரைக் கூட்டிப் போனேன். முதல் லோடு போனபின் லாரியே வரவில்லை, வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தது. எடையும் குறைந்து கூலியும் குறைந்தது. கிளம்பும் முன் என்ன கேட்டிருக்க வேண்டும்?"

கட்டிங் ஆர்டர் வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. ஆலை ஆர்டர் கொடுத்த பிறகுதான் அந்த வயலுக்கு லாரி ஒதுக்குவார்கள். 'அடுத்த வாரம் கிடைச்சிடும், நீங்க வந்துடுங்க' என்று சொல்பவர் வயலுக்கு ஆளைக் கூட்டிப் போகவே கூடாது. ஆர்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தேதி அதிலேயே இருக்கும்.

வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும் என்பார்கள். தாமதமானால் ஈரம் வற்றி எடை இறங்கும், சர்க்கரைச் சத்தும் குறையும். விவசாயிக்கு நஷ்டம் என்று எல்லோரும் பேசுவார்கள், ஆனால் டன் கூலி வாங்கும் உங்கள் ஆட்களுக்கும் அதே எடைச்சீட்டில்தான் காசு. ஆகவே வெட்டிய லோடு லாரியில் ஏறிப் போகாமல் அடுத்த லோடுக்கான கரும்பை வெட்டிப் போடாதீர்கள், ஒரு லோடு தேறும் அளவுக்கு மட்டும் முந்தின நாள் வெட்டி வையுங்கள். ஆலை எடைமேடையில் கழிவு என்று பிடிப்பது உங்கள் கூலியிலும் கழியுமா என்பதையும் முன்கூட்டிப் பேசி, பேசியதை அதே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 'லாரி இல்லாத நாளுக்கு ஆளுக்கு 300, சரிதானே அண்ணே?' என்று நீங்கள் அனுப்பி, அவர் 'சரி' என்று போட்டால்கூடப் போதும். வாயால் பேசியதை மறுக்கலாம், இதை மறுப்பது கஷ்டம்.

"ஆட்களை என் ஈச்சர் வண்டியிலேயே ஏற்றி வந்துவிடலாமா? சாமான் செட்டு நிறைய இருக்கும் என்கிறார்கள்."

வேண்டாம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு, அதைவிட முக்கியம், வண்டி கவிழ்ந்தால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சரக்கு வண்டி இன்சூரன்ஸ் கைகொடுக்காது. டிராக்டர் டிரெய்லருக்கும் இதே கதைதான். பாத்திரம், போர்வை, அரிவாள் எல்லாம் ஈச்சரில் வரட்டும், ஆட்கள் பஸ்ஸிலோ பயணிகள் பெர்மிட் உள்ள வேனிலோ வரட்டும். மெசேஜில் திரும்பிப் போகும் செலவும் யாருடையது என்று சேர்த்து எழுதுங்கள், அதை எழுதாதவர்கள்தான் அதிகம்.

"தங்க மோட்டார் ரூம் இருக்கிறது. அது போதும்தானே? குழந்தைகளோடும் வருகிறார்களாம்."

மோட்டார் ரூம் போதாது. அங்கே ஸ்டார்ட்டர் பெட்டியும் ஒயரும் இருக்கும், இரவில் மோட்டார் ஓடும், குழந்தைகள் கை வைக்கும். பன்னிரண்டு பேர் கால் நீட்டவும் முடியாது. கிராமத்தில் காலியான வீடு ஒன்றைப் பத்து நாளைக்கு வாடகைக்குப் பிடியுங்கள், மாட்டுக் கொட்டகை ஓரம் தார்ப்பாய் கட்டித் தருவதைவிட அதற்கு ஆகும் செலவு பெரிதாக இருக்காது. பெண்கள் இருட்டில் வெளியே நடக்காத தூரத்தில் கழிப்பறை இருக்க வேண்டும். இரவில் வெளியே ஒரு பல்ப் எரியட்டும், சோகை குவிந்த இடத்தில் பாம்பு வரும். தங்கும் இடத்தை நாலு போட்டோ எடுத்து மெசேஜோடு போட்டுவிடுங்கள், கழிப்பறைப் படம் உட்பட.

குழந்தைகள் விஷயத்தில் தெளிவாக இருங்கள். அவர்கள் கூட வந்து தங்கலாம், ஆனால் கட்டுத் தூக்கவோ சோகை உரிக்கவோ வயலில் இறங்கக் கூடாது. பள்ளி நாட்களில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவர முடியுமா என்று மேஸ்திரியிடம் முன்பே கேளுங்கள், முடியாதவர்களுக்குச் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குத் தனிக் கூலி கொடுத்துவிடுங்கள். பாத்தியில் சேலைத் தொட்டில் கட்டி, பக்கத்திலேயே அரிவாள் வீசிக்கொண்டிருக்கும் வயலை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆள் கிடைத்ததும் குரூப்பில் 'ஆள் முடிந்தது' என்று தேதியோடு போட்டு, முடிந்தால் பழைய மெசேஜையும் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே வேறு குரூப்களுக்கு ஃபார்வர்ட் ஆனது அழியாது, அதனால்தான் மெசேஜில் வருஷத்தையும் 'இந்தத் தேதிக்குள் பேசவும்' என்பதையும் முதலிலேயே எழுதச் சொல்கிறேன். இல்லையென்றால் அடுத்த தை மாதம் யாரோ ஒரு மேஸ்திரி இதையே நம்பி ஆள் சேர்த்துக்கொண்டு உங்களுக்குப் போன் போடுவார்.