முன்னால் வந்து நின்ற 3

கேள்வி: கொக்குவிலில் வீட்டில் இருந்தபடியே வட்ஸ்அப்பில் சேலை விற்கிறேன். போன சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேர் காசு போட்டதாக ரிசீற் ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார்கள். ஒருவர் கனடாவில் இருக்கும் பிள்ளை, 11,750 ரூபாய். மற்றவர் வவுனியாவில் கடை வைத்திருக்கிறாராம், 38,500 ரூபாய். கனடாப் பிள்ளையின் ரிசீற்றில் உள்ள நேரத்துக்கும் போனின் மேலே தெரியும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வவுனியாக்காரரின் ரிசீற்றில் எல்லாம் சரியாக இருந்ததால் பார்சலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இரண்டு படத்தையும் அனுப்புகிறேன். கனடாப் பிள்ளையிடம் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?

பதில்: அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதீர்கள். உங்கள் கணக்கில் 11,750 விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பெரும்பாலும் விழுந்திருக்கும். கவலைப்பட வேண்டியது மற்றப் படத்தைப் பற்றித்தான்.

முதலில் கனடாப் படம். ரிசீற்றில் 19:42 என்று இருக்கிறது. ஸ்டேற்றஸ் பாரில், அதாவது சிக்னலும் பற்றரியும் தெரிகிற அந்த மேல்பட்டையில், 10:13. ரிசீற்றில் உள்ளது வங்கியின் நேரம், அதாவது இலங்கை நேரம். மேலே உள்ளது போனின் நேரம், அதாவது ரொறன்ரோ நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. மாலை 7:42இல் இருந்து ஒன்பதரையைக் கழித்தால் காலை 10:12. காசு போட்டு ஒரு நிமிடத்துக்குள் படம் எடுத்திருக்கிறார். நம் நேரம் அரை மணிக் கணக்கில் ஓடுவதால் லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ வரும் படத்தில் நிமிடம் எப்போதும் முப்பது தள்ளித்தான் நிற்கும். 42க்கு 12 அல்லது 13 என்றால் கணக்குச் சரி. இரண்டு நேரமும் அச்சொட்டாக ஒன்றாக இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

அடுத்தது வவுனியாப் படம். ரிசீற்றில் 18:04, மேலே 6:05. இதைப் பார்த்துத்தான் நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். ஆனால் நேரம் பொருந்துவதால் தெரிவது ஒன்றுதான்: கை வைப்பதற்கு முன் இருந்த மூலப் படம் உண்மையான ஸ்கிரீன்ஷொட்டாக இருக்கலாம். தொகையை மட்டும் மாற்றுகிறவனுக்கு மேல்பட்டையில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை. பழைய ரிசீற்றை எடுத்துத் திகதி, நேரம் மாற்றுகிறவன்தான் அங்கே பிடிபடுவான். மேல்பட்டையே இல்லாத படம் வந்தாலும் பயப்பட வேண்டாம். வங்கிச் செயலியின் பகிர் பொத்தானை அழுத்தினால் ரிசீற் தனிப் படமாகவோ பிடிஎப் ஆகவோ போகும், அதில் மேல்பட்டை இருக்காது.

இனித் தொகைக்கு வருவோம். பச்சைச் சரி அடையாளம், அதன் கீழே பெரிய எழுத்தில் 38,500.00, அதற்கும் கீழே சின்னதாக LKR. மூன்றும் திரையின் நடுவில் நிற்க வேண்டும். படத்தின் அகலம் 1080 பிக்சல். அளந்து பார்த்தேன்: இடது ஓரத்தில் இருந்து 3 வரை 381 பிக்சல், கடைசிப் பூச்சியத்தில் இருந்து வலது ஓரம் வரை 417. செயலி ஒரு தொகையை நடுவில் எழுதினால் இரண்டு பக்கமும் அனேகமாக ஒரே அளவு இடைவெளிதான் விடும், 36 பிக்சல் பிசகாது. இந்த எழுத்தளவில் ஒரு இலக்கத்தின் அகலம் எவ்வளவு தெரியுமா? அதே 36. முன்னால் நிற்கிற 3ஐ எடுத்துவிடுங்கள், இடது பக்கமும் 417 ஆகிவிடும். 8,500.00 என்பது கச்சிதமாக நடுவில் வந்து உட்காரும். செயலி எழுதியது 8,500. 3 பிறகு வந்தது.

நீங்களே இதைப் பார்க்கலாம், கணினி வேண்டாம். படத்தைத் திரை முழுக்கத் திறந்து, திரையின் அகலத்துக்கு வெட்டிய ஒரு கடதாசித் துண்டைத் தொகையின் கீழே வையுங்கள். முதல் இலக்கத்தின் ஓரத்திலும் கடைசி இலக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டுத் துண்டை நடுவில் மடியுங்கள். உண்மையான ரிசீற் என்றால் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழும். சில செயலிகள் தொகையை வலது ஓரமாக எழுதும். அங்கே வலது விளிம்பைப் பாருங்கள், எல்லா வரிகளும் ஒரே நேர்கோட்டில் முடிய வேண்டும்.

இந்த வித்தை எல்லாவற்றையும் பிடிக்காது. 3,500ஐ 8,500 ஆக்கினால் நடு மாறாது, ஏனென்றால் பல செயலிகளின் எழுத்துருவில் எல்லா இலக்கங்களும் ஒரே அகலம். அப்போது எழுத்தின் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் படத்தில் 3ஐயும் 8ஐயும் நன்றாகப் பெருப்பித்துப் பாருங்கள். 8ஐச் சுற்றி மங்கலான தூசி மாதிரி ஒரு சாம்பல் நிறம் தெரிகிறது, பூச்சியங்களைச் சுற்றியும் அதே தூசி. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும்போது வருவது அது. 3ஐச் சுற்றி வெள்ளை துப்புரவாக இருக்கிறது. சுருங்கிய படத்தின் மேல் 3 பிறகு வந்து ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். படம் முழுக்க மங்கலாக இருந்தால் அது வட்ஸ்அப்பின் வேலை, சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஒரே வரியில் ஒன்று தெளிவு, மற்றது மங்கல் என்றால்தான் பிழை.

இன்னொன்று, 3இன் அடி 8இன் அடியை விட ஒரு பிக்சல் மேலே நிற்கிறது. இதைப் பார்க்கும்போது வளைந்த இலக்கத்தை வளைந்த இலக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். 3, 8, 0 போன்றவை 1, 4, 7ஐ விட இம்மியளவு கீழே இறங்குவது எழுத்துருவின் இயல்பு. அதை வைத்து யாரையும் கள்ளன் ஆக்கிவிடாதீர்கள்.

இனி உங்கள் கணக்கைத் திறவுங்கள். சனிக்கிழமை 18:04 அளவில் 8,500 ரூபாய் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வந்திருந்தால் ரிசீற்றில் உள்ள அதே பரிவர்த்தனை இலக்கம் பெரும்பாலும் அங்கேயும் இருக்கும், ஏமாற்றிய தொகை 30,000 என்று கணக்குக் கூற்றே சொல்லிவிடும். அந்தக் கூற்றையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல், வெட்டாமல் வைத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். பஸ் நடத்துனரிடம் பார்சலை யார் வந்து எடுத்தது என்றும் கேட்டு வையுங்கள்.

அடுத்த முறைக்கு ஒரு விஷயம். நான் அளந்து கண்டுபிடித்தது சோம்பேறிக் கள்ளனை. ரிசீற் முழுவதையும் புதிதாக வரைந்து தருகிற ஆட்களும் இருக்கிறார்கள், அதில் நடுவும் சரியாக இருக்கும், விளிம்பும் சரியாக இருக்கும். அதனால் படம் பிழை என்று தெரிந்தால் பார்சலை நிறுத்தலாம், படம் சரி என்பதற்காக அனுப்ப முடியாது. ரிசீற்றில் CEFTS என்று இருந்தால் அது சனி, ஞாயிறு, இரவு பகல் பாராமல் உடனே வந்து விழுகிற வழி. பத்து நிமிடம் கழித்தும் கணக்கில் இல்லை என்றால் பார்சல் வீட்டிலேயே இருக்கட்டும். SLIPS என்று இருந்தால் அது வங்கி வேலை நாட்களில்தான் நகரும், சனிக்கிழமை பின்னேரம் போட்ட காசு திங்கள் வரை வராது. பஸ் போகப் போகிறது, சுறுக்கா அனுப்புங்கோ என்று வவுனியாவில் இருந்து எத்தனை தரம் போன் வந்தாலும், திங்கட்கிழமையும் பஸ் ஓடும்.