வயதுக் கணக்கில் நாள் ஏன் தவறுகிறது? கேள்வி பதில்

காட்பாடியிலிருந்து ஒரு மாணவி: அண்ணா, என் பிறந்த தேதி 18-11-1998. 10-03-2025 அன்று என் வயது 26 ஆண்டு 3 மாதம் 22 நாள் என்று எனக்கு வருகிறது. தோழிக்கு 20 நாள் வருகிறது. யார் சரி?

தோழிதான் சரி, தங்கச்சி. பள்ளியில் கழித்தல் போட்ட மாதிரியே நாள், மாதம், ஆண்டு என்று வரிசையாகக் கழியுங்கள். 10-இலிருந்து 18 போகாது, அதனால் மாதத்திடம் ஒன்று கடன் வாங்குகிறோம். அந்தக் கடன் மார்ச்சுக்கு முந்தைய மாதமான பிப்ரவரியிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரிக்கு 28 நாள். 10-உடன் 28 சேர்த்தால் 38, அதில் 18 போக 20. நீங்கள் 30 கடன் வாங்கியிருக்கிறீர்கள், இரண்டு நாள் கூடிவிட்டது. மாதம் 3-இல் ஒன்று போய் 2. அதிலிருந்து 11 போகாது, ஆண்டிடம் 12 வாங்கினால் 14-இல் 11 போக 3. ஆண்டு 2024-இலிருந்து 1998 போக 26.

சரிபார்க்க, முன்னோக்கி நடந்து பாருங்கள். 18-02-2025 அன்று 26 ஆண்டும் 3 மாதமும் முடிந்தன. அங்கிருந்து மாதக் கடைசிக்குப் பத்து நாள், மார்ச்சில் பத்து நாள். யாருக்கு விண்ணப்பம் நிரப்பினாலும் நான் இப்படி ஒரு தடவை நடந்து பார்க்காமல் கொடுப்பதில்லை.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தே பல வருஷமாக டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பங்களுக்கு வயது போட்டுத் தருகிறேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. நீங்கள் ஏன் சிக்கலாக்குகிறீர்கள்?

தவறாததற்குக் காரணம் இருக்கிறது, ஐயா. அங்கே வயதை ஜூலை 1 அன்று கணக்கிடுவது வழக்கம். முந்தைய மாதம் ஜூன், அதற்கு 30 நாள். உங்கள் 30 அங்கே தானாகவே பொருந்திவிடுகிறது. ஜனவரி 1 அன்று வயது கேட்டால் டிசம்பரின் 31-ஐ எடுக்க வேண்டும். 20-05-2000-இல் பிறந்தவருக்கு 01-01-2025 அன்று 24 ஆண்டு 7 மாதம் 12 நாள். உங்கள் வழியில் 11 தான் வரும். தேதி மாறும்போது கவனியுங்கள்.

வேலூரிலிருந்து ஓர் ஆசிரியரின் மகன்: அப்பா பிறந்தது ஜூலை 1. ஜூலை 31 வரை வேலை இருக்கும் என்று நினைத்தோம், ஜூன் 30-லேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வயதைத் தப்பாகக் கணக்கிட்டார்களா?

இல்லை தம்பி. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்று அடிப்படை விதி 56 சொல்கிறது. கழித்தல் கணக்கில் தவறில்லை, விதியே அப்படி.

ஆற்காட்டிலிருந்து ஒரு பேத்தி: எங்கள் பாட்டி பார்த்திப வருஷம் ஆடிப்பெருக்கு அன்று பிறந்தவர். அவருக்கு நாள் வரைக்கும் வயது சொல்ல முடியுமா?

ஆண்டும் மாதமும் சொல்லலாம், நாளில் ஒன்று முன்பின் ஆகலாம். பார்த்திப வருஷம் 1945 ஏப்ரல் நடுவில் பிறந்தது. ஆடி 18 என்றால் ஆகஸ்ட் 2 அல்லது 3. எது என்பதை அந்த வருஷப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, பாட்டியின் ஆதாரைப் பாருங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு 01-01 என்று பதிவாகியிருப்பதுண்டு. விண்ணப்பத்துக்கு அந்தத் தேதியை வைத்துத்தான் கழிக்க வேண்டும், ஆடிப்பெருக்கை வைத்து அல்ல.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கணினி ஆபரேட்டர்: எக்செலில் 31-01-2000, 01-03-2025 இரண்டையும் கொடுத்தால் நாள் −2 என்று வருகிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வரியைத்தானே போட்டீர்கள்?

```
=DATEDIF(A2,B2,"md")
```

பிப்ரவரி 31-ஐத் தேடிப் போய் மார்ச் 3-இல் நிற்கிறது, அங்கிருந்து மார்ச் 1-க்கு இரண்டு நாள் பின்னால். கையால் போட்டாலும் இதே கதி: 1-உடன் 28 சேர்த்து 29, அதில் 31 போகாது. "md" தவறான விடை தரலாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. நாளுக்கு மட்டும் இதைப் போடுங்கள், செல்லின் வடிவம் 'General' ஆக இருக்கட்டும்:

```
=B2-EDATE(A2,DATEDIF(A2,B2,"m"))
```

இது பிப்ரவரி 28-ஐ மாதம் முடிந்த நாளாக எடுத்து 1 தரும், அதாவது வயது 25 ஆண்டு 1 மாதம் 1 நாள்.

அவரே மறுபடி: 28-ஆம் தேதி மாதம் முடியவில்லையே, 31 வந்தால்தானே முடியும்? மார்ச் 1-இல்தான் முடிகிறது என்றால் 25 ஆண்டு 1 மாதம் 0 நாள் ஆகாதா?

ஆகும், அப்படி எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். 29, 30, 31 தேதிகளில் பிறந்தவர்களுக்கு மட்டும் இந்த வழக்கு வரும். நான் மாதக் கடைசி நாளை எடுக்கிறேன், ஏனென்றால் அதில் விடை ஒருபோதும் கழித்தல் குறியோடு வருவதில்லை. விண்ணப்பம் கேட்பவர் எப்படி எண்ணுகிறார் என்று அறிவிக்கையில் எழுதியிருந்தால் அதன்படியே போடுங்கள்.