அவருடைய மணிக்கூட்டில் இப்போது எத்தனை மணி?

"அக்கா, எனக்கு 27 வயது, வங்கியில் வேலை. கோல் சென்டர் ஒன்றில் அமெரிக்கக் கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் செய்யும் ஒரு பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னும் சொல்லவில்லை. விடிய எட்டு மணிக்கு மெசேஜ் போட்டால் மத்தியானம் இரண்டுக்குத்தான் பதில். முந்தி இரவு பத்தரைபோல கொஞ்ச நேரம் கதைப்பா. நவம்பரில் இருந்து அதுவும் இல்லை, நான் பதினொன்றுக்குப் படுக்கும்வரை ஒன்றும் வராது. விடியப் பார்த்தால் 'ம்', 'ஓகே' என்று கிடக்கும். 4.50க்கு லாஸ்ட் சீன் காட்டும், ஆனால் பதில் இருக்காது. சில நாள் பின்நேரம் ஆறுபோல தன்பாட்டில் ஏதாவது போட்டோ அனுப்புவா, அந்த நேரம் நான் பஸ்ஸில். இவ என்னை விலத்துறாவா?"
— ஒரு வாசகர், வெள்ளவத்தை

தம்பி, நவம்பரில் அந்தப் பிள்ளையின் மனம் மாறியதோ தெரியாது. அமெரிக்காவின் மணிக்கூடு மாறியது உறுதி. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறு திரும்ப முன்னுக்குத் தள்ளுவார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை. (1996இல் இங்கேயும் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆக்கினார்கள். பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக் கேட்டு மனிசர் களைத்துப்போன காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.) ஆகவே கோடையில் நியூயோர்க்குக்கும் கொழும்புக்கும் இடையில் ஒன்பதரை மணித்தியாலம், நவம்பரில் இருந்து பத்தரை.

முந்தி பத்தரைக்குக் கதைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரம் நியூயோர்க்கில் பகல் ஒரு மணி, அதாவது சாப்பாட்டு நேரம். அங்கத்தைய ஒன்பது மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முடிகிற ஷிஃப்டில் அவர் ஒரு மணிக்கு இடைவேளை எடுக்கிறார் என்று நினைக்கிறேன். கோடையில் அந்த வேலை நமக்குப் பின்நேரம் 6.30க்குத் தொடங்கி விடிய 3.30க்கு முடியும். இப்போது 7.30க்குத் தொடங்கி 4.30க்கு முடியும். இடைவேளையும் கூடவே நகர்ந்து 11.30க்குப் போய்விட்டது. நீங்கள் படுப்பதோ பதினொன்றுக்கு. அந்தப் பிள்ளை இப்போதும் அதே ஒரு மணிக்கு, அதே சாப்பாட்டு மேசையில் இருந்து போனைத் திறக்கிறார். மறுபக்கம் நீங்கள் நித்திரை. நித்திரையான ஆளுக்கு 'ம்', 'ஓகே' என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

இதெல்லாம் என் ஊகம். சரிபார்க்க ஒரு கேள்வி போதும்: "உங்களுக்கு இப்ப பிரேக் எத்தனை மணிக்கு?" அது காதல் கேள்வியும் இல்லை, விசாரணையும் இல்லை. கூடவே, வேலை செய்யும் இடத்தில் போன் கையில் இருக்குமா என்றும் கேளுங்கள். வாடிக்கையாளரின் வங்கி அட்டை விபரங்களைக் கையாளும் பல கோல் சென்டர்களில் போனை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லொக்கருக்குள் டேட்டா ஓனில் இருந்தால் உங்கள் மெசேஜ் போய்ச் சேர்ந்து இரண்டு சாம்பல் டிக் விழும். அது போனுக்கு வந்து சேர்ந்த அடையாளம் மட்டும்தான், கைக்கு வந்த அடையாளம் இல்லை. "டெலிவரி ஆகி மூன்று மணித்தியாலம், இன்னும் பார்க்கவில்லை" என்று மனம் உடைந்து வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது லொக்கரைப் பற்றித்தான்.

இனி விடிய எட்டு மணிக் கதை. நீங்கள் 6.30க்கு எழும்புகிறவர் என்று வைத்துக்கொள்வோம். 4.30க்கு வேலை முடித்து, வேனில் ஒவ்வொருவராக இறக்கி, ஐந்தேகாலுக்கு வீடு வந்து, முகம் கழுவிப் படுக்கிற பிள்ளை பகல் 1.30க்கு எழும்புவார். இரண்டு பேருக்கும் ஏழு மணித்தியால இடைவெளி. அவர் நேரத்தைக் கணக்குப் பார்க்க உங்கள் மணிக்கூட்டில் ஏழைக் கழியுங்கள். நீங்கள் விடிய எட்டுக்குப் போடும் மெசேஜ் அவருக்குச் சாமம் ஒரு மணிக்கு வருகிறது. இரண்டு மணிக்குப் பதில் வந்தால், எழும்பி அரை மணித்தியாலத்தில் வந்த பதில் அது. நீங்கள் எண்ணியது ஆறு மணித்தியாலம். அதில் ஐந்தரை நித்திரை.

பகல் நித்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நானும் மூன்று வருஷம் இரவு வேலை செய்தவள். வெளிச்சம், சூடு, கீழே மீன்காரரின் சத்தம், பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டுகிற சத்தம். இரவு வேலைக்காரர் பகலில் படுக்கும்போது நித்திரை குறைவாகவும் துண்டு துண்டாகவும்தான் வரும். எழும்பிய உடனே அரை மணித்தியாலம் வரை மண்டை வேலை செய்யாது. அந்நேரம் வரும் பதிலில் இனிப்பைத் தேடாதீர்கள். அது வந்ததே பெரிய விஷயம்.

4.50 லாஸ்ட் சீன்தான் உங்களைக் கூடக் குடைகிறது போல. அந்த நேரம் அவர் வேனில் இருக்கிறார். வேன் குரூப்பில் "நான் ஏறிட்டன்" என்று போடுவதற்கும், வீட்டில் கேற் திறக்கச் சொல்லி அம்மாவுக்கு எழுதுவதற்கும் வட்ஸ்அப்பைத் திறந்தாக வேண்டும். லாஸ்ட் சீன் சொல்வது அப் திறந்த நேரத்தை மட்டும், யாருக்காகத் திறந்தது என்பதை அல்ல. போதாததற்கு, விடிய நாலு ஐந்து மணிதான் மனித உடம்பு ஆகவும் சோர்ந்து கிடக்கும் நேரம். அப்போது ஒழுங்கான வசனம் எழுதுவது லேசில்லை. நித்திரை கொள்கிற ஆளின் போன் சத்தம் போடக்கூடாது என்று எழுதாமல் விடுகிறவர்களும் உண்டு.

இவ்வளவு நேரமும் நான் அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று கதைத்துவிட்டேன். இனி உங்களுடைய பதில் நேரத்தைப் பார்ப்போம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஆறு மணிக்கு அவராக போட்டோ அனுப்புகிறார், நீங்கள் பஸ்ஸில். காலி வீதியில் தொங்கிக்கொண்டு வருகிற ஆள் இறங்கி, குளித்து, சாப்பிட்டு எட்டு மணிக்குப் பதில் எழுதுவீர்கள். 7.30க்கு அவர் போன் லொக்கருக்குள் போய்விட்டது. உங்கள் பதிலை அவர் காண்பது 11.30க்கு. அவர் பக்கத்தில் இருந்து எண்ணினால், அவராகத் தொடங்கிய கதைக்கு ஐந்தரை மணித்தியாலம் கழித்துத்தான் உங்கள் பதில் கிடைக்கிறது. இதே மாதிரி ஒரு கடிதம் அவரும் யாருக்காவது எழுதிக்கொண்டிருக்கலாம், யார் கண்டது.

நவம்பரில் இழந்த பத்தரைக்குப் பதிலாக உங்களுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. வேலை ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்குவதால் பின்நேரம் அவருக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம். ஐந்தரையில் இருந்து ஆறரை வரை அவர் குளித்து, ஒரு பிளேன்டியோடு வேனுக்குக் காத்திருக்கும் நேரம். அதற்குள்தான் அந்தப் போட்டோக்கள் வருகின்றன. பஸ்ஸில் ஒரு கை காலியாக இருந்தால் போதும், ஒரு வரி எழுதலாம். நெருக்கம் என்றால், "பஸ்ஸில் தொங்குறன், இறங்கிச் சொல்றன்" என்று மட்டும் போடுங்கள். எட்டு மணிக்கு விரிவாக எழுதுங்கள், ஆனால் உடனே பதில் கேட்கிற மாதிரி எழுதாதீர்கள். 11.30க்கு சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கக்கூடிய ஒரு சின்னக் கதையாக இருக்கட்டும்.

அப்படியானால் அவர் உங்களை விலத்தவே இல்லையா என்றால், விலத்தவும் கூடும். வேலை நாட்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமையை. சனி உதவாது. அமெரிக்க வெள்ளிக்கிழமை வேலை நமக்குச் சனி விடியற்காலைதான் முடிகிறது, அன்று பகல் நித்திரையில் போய்விடும். சனி பின்நேரத்தில் இருந்து திங்கள் மத்தியானம் வரை லொக்கரும் இல்லை, வேனும் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு நாளான அந்த நேரத்தில் நீங்கள் கேட்ட விஷயத்துக்குப் பதில் வருகிறதா, அவராக ஏதாவது கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டு மணித்தியாலம் பிந்தினாலும் பரவாயில்லை. போயா தினத்தை இதற்குள் சேர்க்காதீர்கள், உங்கள் வங்கிக்குத்தான் போயா லீவு, நியூயோர்க்குக்கு இல்லை. நவம்பர் கடைசியும் டிசம்பரும் அமெரிக்கக் கடைகளுக்கு உச்சக் காலம். அவருடைய கம்பெனி கடை சம்பந்தப்பட்டது என்றால் ஓவர்டைமில் ஞாயிறும் போயிருக்கலாம், அதையும் கேட்டு அறியுங்கள்.

ஒரு ஞாயிறு பின்நேரம் நாலரைக்கு வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஒரு தேத்தண்ணி குடிக்க வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். விடியப் பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு, வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். அது அவருக்கு அதிகாலை மூன்று மணி. "இந்த ஞாயிறு ஏலாது, அடுத்த கிழமை?" என்று வந்தால் அது விருப்பமுள்ள பதில். "பாப்பம்" என்று மட்டும் வந்து, அடுத்த ஞாயிறும் அதே "பாப்பம்" என்றால், அந்த நாட்களில் ஓவர்டைமும் இல்லை என்றால், ஷிஃப்டின் மேல் பழி போட இனி இடமில்லை. அப்போது கேட்பதை நிறுத்திவிடுங்கள். மூன்றாவது முறை கேட்டால் அது தொல்லை.

தாதிமாரை விரும்புகிறவர்கள் இந்த ஏழைக் கழிக்கும் கணக்கைப் பாவிக்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில் காலை 7 முதல் 1, பின் 1 முதல் 7, இரவு 7 முதல் காலை 7 என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் அவர்களுடைய மணிக்கூடும் நிலையாக நிற்காது. அங்கே டியூட்டி லிஸ்ட்டை விட்டால் வேறு வழியில்லை.

தம்பி, இன்னொன்று. மார்ச் இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் இடைவேளை திரும்பப் பத்தரைக்கு வரும், இரவில் பழையபடி கதைப்பார். அன்றைக்கு "மனம் இளகிவிட்டது" என்று எனக்குச் சந்தோஷமாக எழுதிவிடாதீர்கள். முதலில் தேத்தண்ணிக்குக் கேட்ட ஞாயிறு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.