மூன்று பேரிடம் ஒரே கதை

அன்புள்ள அக்கா,

கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். மூன்று வாரத்தில் வேறொரு நிறுவனத்தில் நேர்காணல், முழுக்க ஆங்கிலத்தில். படித்தால் புரிகிறது, எழுதவும் வரும். பேசும்போதுதான் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்துவருகிறேன். கூடவே உச்சரிப்பு வகுப்புக்குப் போகலாமா? செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தால் போதுமா?

கே.

அன்புள்ள கே,

உச்சரிப்பு வகுப்பை இப்போதைக்கு விடுங்கள். செய்தித்தாள் வாசிப்பதில் தப்பில்லை, ஆனால் வேறொருவர் கட்டிவைத்த வாக்கியத்தைத்தான் வாசிக்கிறீர்கள். நீங்கள் தடுமாறுவது வாக்கியத்தைக் கட்டுகிற இடத்தில்.

அந்த நாற்பது பதில்கள்தான் என்னைக் கோபப்படுத்துகின்றன. நேர்காணல் எடுப்பவர்களில் ஒருத்தியாக நான் உட்கார்ந்திருந்த ஓர் அறையில் ஒரு பெண் தன்னைப் பற்றிச் சரளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் இருந்தவர் நடுவில் மறித்து, “அந்த வேலையை ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டார். எளிய கேள்விதான். அவள் ஒரு கணம் விழித்துவிட்டு, பெயரிலிருந்து மறுபடி முதல் வரியைத் தொடங்கினாள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்று கண் கலங்கினாள். வேலை தெரிந்த பெண். அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது யார் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். மனப்பாடத்தில் ஒரு வரி அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நடுவில் யாராவது கைவைத்தால் மொத்தமும் போய்விடும். நேர்காணலில் நடுவில் கைவைக்காமல் யாரும் இருப்பதில்லை. பதில்களை மூடிவையுங்கள், தம்பி.

அதற்குப் பதில் உங்கள் வேலையில் நடந்த நான்கைந்து சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொழி ஆசிரியர்களிடம் 4/3/2 என்றொரு பயிற்சி உண்டு. 1983இல் கீத் மாரிஸ் முன்வைத்தது, 1989இல் பால் நேஷன் ஆராய்ந்து எழுதியது. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடத்தில் சொல்ல வேண்டும், இன்னொருவரிடம் மூன்றில், மூன்றாமவரிடம் இரண்டில். ஆள் மாறுவதால் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே சொல்ல வேண்டியிருக்கும். என்ன சொல்வது என்பது முதல் முறையிலேயே முடிவாகிவிடுவதால், அடுத்தடுத்த முறைகளில் மனம் சொற்களைத் தேட மட்டும் வேலை செய்யும்.

கணினியில் 340 பெட்டி, அலமாரியில் 312. தேடிப் பார்த்தால், திரும்பி வந்த 28 பெட்டிகளை வாசலில் ஒருமுறை, அலமாரியில் ஒருமுறை என்று இரண்டு தடவை பதிந்திருக்கிறார்கள். இப்படி ஒன்று உங்களுக்கும் நடந்திருக்கும். எழுதாமல் சொல்லி, போனில் பதிவு செய்து கேளுங்கள். வாக்கியம் முடிந்த இடத்தில் நிற்கிறீர்களா, கவலை வேண்டாம், தாய்மொழியில் பேசுகிறவர்களும் அங்கேதான் நிற்பார்கள். “தி ரிட்டர்ன்ஸ்... ரிட்டர்ன்ஸ்...” என்று நடுவில் நின்றால், அங்கே ஒரு சொற்றொடர் கைவசம் இல்லை என்று பொருள். “வேர் என்டர்டு ட்வைஸ்” என்பதை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போங்கள். ஒரு கதைக்கு இப்படி ஐந்தாறு சொற்றொடர் சேரும். அவற்றை மனப்பாடம் செய்யுங்கள், தடுக்கமாட்டேன். அவை எந்தக் கேள்விக்குள்ளும் போய் உட்காரும், முழுப் பதில் உட்காராது.

நேரம் குறையும்போது குறைய வேண்டியது தயக்கமும் சொன்னதையே சொல்வதும்தான். வாக்கியக் கடைசியை விழுங்க ஆரம்பித்தால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம், மூன்று நிமிடத்துக்கே திரும்புங்கள். இன்னொன்று, சரளம் கூடுவதால் பிழை தானாகப் போய்விடாது. தப்பாகச் சொன்னதை மூன்று முறை சொன்னால் தப்பே படிந்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒன்றிரண்டு பிழையை மட்டும் திருத்துங்கள், எல்லாவற்றையும் திருத்தப் போனால் பேச்சு நின்றுவிடும்.

ஒரே கதையைச் சொல்லிப் பழகினால் புதுக் கேள்விக்கு உதவுமா என்று தோன்றும். நெல் டி யோங்கும் சார்லஸ் பெர்ஃபெட்டியும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பேச்சைத் திரும்பச் சொன்ன மாணவர்களுக்குத்தான் பின்னர் புதிய தலைப்பிலும் சரளம் நிலைத்தது. ஒவ்வொரு முறையும் தலைப்பை மாற்றியவர்களுக்கு நிலைக்கவில்லை.

அப்புறம், கடைசி வாரத்தில் மூன்றாவது ஆள் உங்களை மறிக்கட்டும். “அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”, “மேலாளர் என்ன சொன்னார்?” என்று நடுவில் கேட்கட்டும். பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், முதல் வரிக்குப் போகாதீர்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கவும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் ஆங்கிலத்தில் மறிக்கமாட்டார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், போனில் நானே மறிக்கிறேன்.