பர்மியப் பொட்டலத்தை எங்கே பிரித்துப் படிப்பது?

கேள்வி: யாங்கோனிலிருந்து நண்பர் ஊறவைத்த தேயிலைப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தார். பின்பக்கத்தைப் படம் எடுத்தேன். எல்லா எழுத்தும் வட்டம் வட்டமாக இருக்கிறது, சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை. அகராதியில் துண்டு துண்டாகத் தேடினால் 'ஆறு', 'நூறு' என்று வருகிறது. எங்கே பிரிப்பது?

பதில்:

யாங்கோனில் வேலை பார்த்த இரண்டு வருடத்தில், கடையில் சாமான் வாங்குவதற்காகவே இந்த எழுத்தைப் படித்தேன். தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு நல்ல பிடி இருக்கிறது, அது புள்ளி.

முதலில் வட்டங்கள். இந்த நான்கையும் பாருங்கள்:

```
ဝ  ပ  ဂ  င
```

முதலாவது வ, முழு வளையம். அடுத்து ப, அதன் வாய் மேலே திறந்திருக்கிறது. மூன்றாவது க வரிசையில் வரும் ஓர் எழுத்து, வாய் கீழே. கடைசியாக ங, வாய் வலப்பக்கம். எழுத்தின் அடையாளமே அந்தச் சின்ன வாய்தான். பளபளக்கும் பிளாஸ்டிக்கில் ஃபிளாஷ் அடித்தால் அந்த வாய் மூடிப்போகும், அல்லது இல்லாத இடத்தில் திறந்ததுபோல் தெரியும். அதனால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, காலியான பொட்டலத்தை வெட்டி விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். பிறகு ஒவ்வொரு வரியாக வெட்டி, எழுத்தின் உயரம் 30 பிக்சலாவது வரும் அளவுக்கு நெருங்கி எடுத்த படத்தை, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் நிரலுக்குக் கொடுங்கள்:

```
tesseract line.png out -l mya --psm 7
```

கடைசியில் வரும் 7, 'இது ஒற்றை வரி' என்று சொல்வதற்கு.

இனி பிரிப்பது. பர்மிய மொழியில் இடைவெளி விடுவது சொற்றொடர் முடியும்போதுதான். பொட்டலத்தில் இடம் போதாமல் அதையும் விட்டுவிடுவார்கள். வரி எந்த அசைக்குப் பிறகும் மடியும் என்பதால், வரியின் முடிவைச் சொல்லின் முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே சொல்லைத் தேடாமல் முதலில் அசையைப் பிரியுங்கள். எழுத்தின் தலையில் சின்னக் கொக்கிபோல் ஒரு குறி வரும், அதன் பெயர் அதாட். நம் புள்ளி செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. கொக்கி உள்ள எழுத்து மெய், முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கொக்கி இல்லாத மெய்யெழுத்துக் குறி ஒவ்வொன்றும் புது அசையைத் தொடங்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிய எழுத்து மட்டும் விதிவிலக்கு.

உங்கள் பொட்டலத்திலும் அநேகமாக இந்த வரி இருக்கும்:

```
အေးမြခြောက်သွေ့သောနေရာတွင်သိမ်းဆည်းပါ
```

அசை பிரித்தால் பதினொன்று:

```
အေး|မြ|ခြောက်|သွေ့|သော|နေ|ရာ|တွင်|သိမ်း|ဆည်း|ပါ
```

முதல் எழுத்தின் இடப்பக்கம் நம் ஒற்றைக் கொம்புபோல் ஒன்று நிற்கிறதல்லவா, அதுவும் கொம்பு மாதிரிதான், வலப்பக்கத்து எழுத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னால்தான் வெட்ட வேண்டும், பின்னால் அல்ல.

உங்களுக்கு 'ஆறு', 'நூறு' வந்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது அசைக்கு 'ஆறு' என்ற எண்ணும் பொருள், 'உலர்' என்பதும் பொருள். ஆறாவது அசை தனியே நின்றால் 'சூரியன்', ஏழாவது 'நூறு'. ஆனால் ஆறும் ஏழும் சேர்ந்தால் 'இடம்'. ஓர் அசையை மட்டும் தேடினால் அகராதி ஏமாற்றத்தான் செய்யும். எனவே இடமிருந்து தொடங்கி, அகராதியில் உள்ள மிக நீண்ட சேர்க்கையை எடுங்கள்:

```
အေးမြ  ခြောက်သွေ့  သော  နေရာ  တွင်  သိမ်းဆည်း  ပါ
```

குளிர்ச்சி, உலர்ந்த, (பெயரெச்ச உருபு), இடம், இல், பத்திரப்படுத்து, (பணிவுச் சொல்). அதாவது 'குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைக்கவும்'. சொற்களின் வரிசை தமிழைப் போலவே வருவதால் இங்கே நமக்கு வேலை பாதிதான். மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது துண்டுகளாக நிற்கும் உருபுகளை மனப்பாடம் செய்துகொண்டால், அடுத்த பொட்டலத்தில் அவைதான் எல்லைக்கல். நான் வரியைப் பார்த்ததும் முதலில் அவற்றைத்தான் பென்சிலால் கோடிடுவேன்.

அசை பிரிப்பைக் கணினியிடம் விட பைத்தானில் ஒரு வரி போதும்:

```python
import re
print(re.sub(r'(?<!\u1039)([က-အ])(?!\u1037?[\u1039\u103A])', r'|\1', s))
```

`s` என்பதில் உங்கள் வரியை வையுங்கள். இது அசையை மட்டும்தான் பிரிக்கும், சொல்லை அல்ல. படத்தில் ஒரு கொக்கி விழாமல் போனாலும் மெய் தனி அசையாக உடைந்துவிடும். உயிர்க்குறி ஏதுமின்றி ங, ம, ஞ போன்ற ஒற்றை எழுத்து தனியாக நின்று பொருளும் வராவிட்டால், படத்தில் அதன் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கொக்கி அங்கே மங்கலாக இருக்கும்.

தேதி இருந்தால் ஒரு எச்சரிக்கை. பர்மியப் பூஜ்யமும் வ எழுத்தும் ஒரே வளையம், ஏழும் ர எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்று. எண்களுக்கு நடுவே இந்த எழுத்து வந்தால் அதை எண்ணாக மாற்றிவிட்டுப் படியுங்கள்.