கொல்லையில் புதைக்காதீர்கள், பீரோவில் வையுங்கள்

"எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது. ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, 25-ஆவது கல்யாண நாளில் பிரிப்பதற்காகக் கொல்லையில் புதைக்கப்போகிறோம். கல்யாண கான்ட்ராக்டர் காற்றுப் புகாத எஃகுக் குப்பி தருகிறேன், 25 வருஷம் கியாரண்டி என்கிறார். கடிதத்தை லேமினேட் செய்துவிடலாமா?"
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

லேமினேட் வேண்டாம். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒட்டிவிடும். பிறகு பிரிக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து வரும். ஓரம் கொஞ்சம் வாய் பிளந்தால் ஈரம் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும்.

புதைக்கவும் வேண்டாம். உங்களுடையது ஆற்றங்கரை ஊர். 2023 டிசம்பரில் தாமிரபரணி என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த வெள்ளம் வடிந்த பிறகு என்னிடம் ஒரு டிபன் டப்பா வந்தது. மூடியின் ரப்பர் வளையம் கெட்டித்து வெடித்திருந்தது. உள்ளே ஜெல் பேனாவில் எழுதிய கடிதம் வெறும் நீலக் கறை. அதே தாளின் பின்பக்கம் யாரோ பென்சிலில் போட்ட பலசரக்குக் கணக்கு மட்டும் பளிச்சென்று இருந்தது! அமெரிக்காவில் டல்சா நகரத்தில் 1957-இல் புதுக் காரையே கான்கிரீட் அறையில் புதைத்தார்கள். 2007-இல் திறந்தால் அறை நிறையத் தண்ணீர், கார் முழுக்கத் துரு. உங்கள் கான்ட்ராக்டரின் குப்பி எந்த மூலைக்கு? கியாரண்டி கேட்கப் போகும்போது அவர் அதே போன் நம்பரில் இருப்பாரா என்றும் யோசியுங்கள்.

பென்சில் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் இருப்பது கரி. தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் வெளுக்காது. அழிரப்பர் ஒன்றுதான் அதற்கு எதிரி. ஆனால் ரொம்பக் கடினமான பென்சில் தாளைக் கீறும், ரொம்ப மென்மையானது தேய்ந்து ஈஷும். சாதாரண HB போதும். காதல் கடிதத்தைப் பென்சிலிலா என்று உங்கள் வீட்டுக்காரர் முகம் சுளித்தால், தண்ணீரில் கரையாத 'பிக்மென்ட் இங்க்' என்று போட்ட பேனாவைக் கேட்டு வாங்குங்கள்.

தாள் வெள்ளையாக, கெட்டியாக இருக்கட்டும். மட்டரக நோட்டுத்தாள் அதிலுள்ள அமிலத்தால் பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும். அமிலமில்லாத தாள் என்று கேட்டால் நம்மூர்க் கடைக்காரர் திருதிருவென விழிக்கிறார். அரசு ஆவணங்களையே துணி மூட்டையாகக் கட்டிப் போடுகிற நாட்டில் அவரைச் சொல்லி என்ன? மாலைப் பூ, குண்டூசி, செலோ டேப் எதுவும் கடிதத்தோடு வேண்டாம். பூ கறை விடும், ஊசி துருப்பிடிக்கும், டேப் பசை மஞ்சளாகி ஊறும்.

உறையில் போட்டு ஒட்டி, பிரிக்க வேண்டிய தேதியை மேலே எழுதுங்கள். அதை எஃகு டப்பாவில் போட்டு, பக்கத்தில் ஈரம் உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, பட்டுப்புடவைகளோடு பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், மழைக்காலத்தில் ஓதம் ஏறும். வருஷத்துக்கு ஒருமுறை புடவைகளை எடுத்துக் காற்றாடப் போடுவீர்கள் இல்லையா, அன்றைக்கு உறையைப் பிரிக்காமல் பொட்டலத்தை மட்டும் மாற்றுங்கள்.